ஜூன் மாசத்துப் பணம் ஆகஸ்ட்ல வந்தா

பட்டணத்துல இருக்குற சொந்தக்காரங்க, சிநேகிதங்க எல்லாருக்கும் எங்க ஊர்ல பணம் எப்ப புழங்கும்னு நல்லாத் தெரியும். பொங்கல் முடிஞ்சு சம்பா அறுப்பு நடக்கும். நெல்லு டிபிசிக்குப் போகும், அதாவது அரசாங்கத்தோட நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு. கொஞ்ச நாள்ல பணம் பேங்க்ல ஏறும். மாசி பொறந்தா போன் வர ஆரம்பிச்சிரும். "அண்ணே, நல்லாருக்கீங்களா, அண்ணி எப்படி இருக்காங்க, இந்த வருசம் கண்டுமுதல் பரவால்லியா?" கண்டுமுதல்னா களத்துல அளந்த விளைச்சல். அதை விசாரிக்கிற குரல் எதுக்கு விசாரிக்குதுன்னு எனக்கு மூணாவது வாக்கியத்துலயே புரிஞ்சிரும்.

கைமாத்து கேக்குறது தப்பில்ல. கொடுக்குறதும் தப்பில்ல. வட்டி இல்லாம, பத்திரம் இல்லாம, ஒரு வாய் வார்த்தையில 50,000 ரூபாய் கை மாறுதுன்னா, அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் நம்மகிட்ட இருக்குன்னு பெருமைப்படவே செய்யலாம். என் சண்டை வேற இடத்துல. வாங்குன பணத்தைத் திருப்பிக் கொடுத்துட்டா கணக்கு தீர்ந்துபோச்சுன்னு பட்டணத்துக்காரங்க நெனைக்கிறாங்க. எப்ப கொடுத்தோம்ங்கிறது அவங்களுக்கு ஒரு சின்ன விசயம். ரெண்டு மாசம் முன்ன பின்ன ஆனா என்ன, ஊர்ல இருக்குறவருக்கு அப்படி என்ன செலவு இருக்கப்போகுது, வாடகையா, இஎம்ஐயா, இப்படி ஒரு எண்ணம். என்கிட்ட நேராவே கேட்டவங்க உண்டு: "அது சும்மாதானே பேங்க்ல கெடக்கும்?"

சும்மா கெடக்காதுங்க. மாசியில என் கணக்குல இருக்குற பணத்துக்கு ஜூன் மாசத்துல வேலை இருக்கு. அந்த மூணு மாசம் அது சும்மா இருக்குற மாதிரிதான் தெரியும். வெதை நெல்லும் கோட்டையில சும்மாதான் இருக்கு, அதை எடுத்துப் பொங்கித் தின்னா என்ன ஆகும்?

அந்த ஜூன் வேலை என்னன்னு சொல்லிடறேன். நாங்க காவிரிப் பாசனத்துக்காரங்க. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறக்குறது வழக்கம், அதை ஒட்டித்தான் குறுவைப் பட்டம். போர் தண்ணி இருக்குறவங்க கொஞ்சம் முன்னாடியே, மே மாசம் மூணாவது வாரத்துல நாத்தங்கால் விட்டுருவோம். நாத்து விட்ட அன்னிக்கே ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும். நெல்லுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. ரகத்தோட வயசு எத்தனை மாசமோ, நாத்தோட வயசு அத்தனை வாரம். குறுவை ரகம் கிட்டத்தட்ட 110 நாள் பயிர். அதனால மூணு வாரம், மிஞ்சிப்போனா 25 நாளைக்குள்ள பறிச்சு நட்டுரணும். அதைத் தாண்டுனா நாத்தங்கால்லயே வேர் பின்னிக்கும், பறிக்கும்போது அறுந்து வரும். நாத்து கணு விட ஆரம்பிச்சிரும். அப்படிப்பட்ட நாத்தை நட்டா அது தூர் கட்டாது. ஒரு குத்துக்கு இருவது தூர் வர்ற இடத்துல எட்டு பத்து வந்து நிக்கும். தூருக்கு ஒரு கதிர்தான், அதனால தூர் குறைஞ்சா கதிர் குறையும். அப்புறம் என்ன உரம் போட்டாலும் அந்தப் பத்து நாளைத் திருப்பி வாங்க முடியாது.

நடவு முடியுற வரைக்கும் ஏக்கருக்கு சுமாரா 15,000 ரூபாய் ரொக்கமா வேணும். உழவு, வரப்பு வெட்டு, வெதை, அடியுரம், நடவுக் கூலி எல்லாம் சேர்த்து. 50 கிலோ டிஏபி மூட்டையைக் கடையில கடன் சொல்லலாம். டிராக்டர்காரர்கிட்ட ஒரு வாரம் சொல்லலாம். நடவாளுங்ககிட்ட சொல்ல முடியாது. அவங்க அன்னிக்கு சாயங்காலம் கூலியை வாங்கிட்டுப் போய்த்தான் அடுப்புப் பத்தவைக்கணும். நீங்க ரொக்கம் இல்லைன்னா அவங்க பக்கத்து ஊருக்குப் போயிருவாங்க, அவங்களைக் குறை சொல்ல வழியே இல்ல.

இப்ப நடந்ததைச் சொல்றேன். எனக்கு மூணு ஏக்கர். பெரியப்பா மகன், எனக்குத் தம்பி முறை, சென்னையில நல்ல வேலை. பிப்ரவரி கடைசியில போன் பண்ணி 50,000 கேட்டான். வீடு பத்திரப் பதிவுக்குக் கொஞ்சம் குறையுது, மே மாசம் போனஸ் வரும், மே 31க்குள்ள தந்துடறேண்ணேன்னான். தேதியைச் சொன்னது அவன்தான், நான் கேக்கல. ஜூன்ல நடவு இருக்கு தம்பின்னு நானும் சொன்னேன். "அது தெரியாதாண்ணே, நானும் அந்த வயல்ல ஓடியாடுனவன்தானே"ன்னான்.

மே 20 நாத்து விட்டேன். மே 31 போச்சு, போன் இல்ல. ஜூன் 2 நானே கூப்பிட்டேன். "இந்த வாரக் கடைசியில போட்டுடறேண்ணே." ஜூன் 7 கூப்பிட்டேன். "பேங்க்ல ஏதோ பிரச்சினை, திங்கக்கெழமை கண்டிப்பா." கையில இருந்ததை வச்சு ஜூன் 9 ஒரு ஏக்கர் மட்டும் நட்டோம், அப்ப நாத்துக்கு 20 நாள். மீதி ரெண்டு ஏக்கருக்கும் சேறு அடிச்சுத் தயாரா கெடந்துச்சு. நடவாளுங்க ரெண்டு நாள் பார்த்துட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டாங்க. திங்கக்கெழமை வந்துச்சு, பணம் வரல. ஜூன் 14 போனை எடுக்கல. ஜூன் 16 ஒரு மெசேஜ்: "மீட்டிங்ல இருக்கேன் அண்ணா, இந்த வாரம் பக்கா." ஜூன் 20 எங்க வீட்டம்மா எதுவும் பேசாம கழுத்துச் செயினைக் கழட்டி வச்சுட்டா. சங்கத்துல அடகு வச்சுப் பணம் வாங்கியாச்சு, ஆனா ஆள் கிடைக்கல. ஊரு ஊரா நடவு முடிச்சுட்டு அவங்க திரும்பி வந்தது ஜூன் 27. அன்னிக்கு அந்த நாத்துக்கு 38 நாள். குத்துக்கு நாலஞ்சு நாத்தா வச்சு, நெருக்கி நடச் சொன்னேன். வயசான நாத்துக்குச் செய்யுற பரிகாரம் அது, கொஞ்சம்தான் காப்பாத்தும்.

மொத ஏக்கரை செப்டம்பர் நடுவுல அறுத்தோம். 52 மூட்டை, மூட்டைக்கு 40 கிலோ. பிந்துன ரெண்டு ஏக்கர் அக்டோபர் மொத வாரம்தான் அறுப்புக்கு வந்துச்சு. ஏக்கருக்கு 36 மூட்டை. எல்லாத்தையும் நாத்து வயசு மேல போட மாட்டேன், இலைச்சுருட்டுப் புழுவும் கொஞ்சம் தின்னுச்சு. ஆனா பக்கத்து ஏக்கர்லயும் அதே புழுதான் இருந்துச்சு. ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து 32 மூட்டை குறைவு. குவிண்டால் 2,500 ரூபாய்னு போட்டா மூட்டை 1,000 ரூபாய், ஆக 32,000 ரூபாய். இதுக்கு மேல மழை. அறுத்த நெல்லு ஈரம் 21ல நின்னுச்சு. டிபிசியில 17 சதவீதத்துக்கு மேல இருந்தா எடுக்க மாட்டாங்க. அஞ்சு நாள் தார் ரோட்டுல காயவச்சு, மேகம் கருக்கும்போதெல்லாம் தார்ப்பாயை இழுத்து மூடி, திரும்பப் பிரிச்சு, ராத்திரி அங்கயே படுத்துக் காவல் இருந்தோம். அந்தக் கூலியை நான் கணக்குல சேர்க்கல.

தம்பி பணம் போட்டது ஆகஸ்ட் நடுவுல. ஜிபேல 51,000 வந்துச்சு. கூப்பிட்டுச் சொன்னான்: "லேட்டாயிடுச்சுண்ணே, வட்டியா ஆயிரம் சேர்த்துப் போட்டுருக்கேன்." அவன் கணக்கு தப்பில்லீங்க. 50,000 ரூபாய்க்கு ரெண்டரை மாசம், வருசத்துக்கு எட்டு சதவீதம்னு போட்டாக்கூட 833 ரூபாய்தான் வரும். எனக்கு 167 ரூபாய் கூடவே கொடுத்துட்டதா அவன் நெனச்சிருப்பான். அந்த 167 ரூபாய்க்கு நான் நன்றி வேற சொன்னேன், பெரியப்பா மகனாச்சே.

பட்டணத்துப் பணத்துக்கு எல்லா நாளும் ஒரே வெலை, அதனால தாமதத்துக்கு வட்டி போட்டா சரியாப்போச்சுன்னு தோணுது. சம்பளம் மாசா மாசம் வரும், இந்த மாசம் விட்டதை அடுத்த மாசம் பிடிச்சுக்கலாம். எங்களுக்கு அப்படி அடுத்த மாசம்னு ஒண்ணு இல்ல. ஜூன் 9க்கு அப்புறம் எங்களுக்கு வர்றது அடுத்த வருச ஜூன் 9தான். விவசாயிக்கு மட்டும்தான் இப்படின்னும் இல்ல. ஆனி மாசம் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ் கட்ட வச்சிருந்த பணம், ஆவணியில மகள் கல்யாணத்துக்கு வச்சிருந்த பணம், எல்லாத்துக்கும் ஒரு நாள் இருக்கு. சும்மா கொடுக்கிற மாதிரி தெரியுற ஆள்கிட்ட அந்த நாள் என்னன்னு நாம கேக்குறதே இல்ல.

ஆனா இதை விட எனக்குக் கோவம் வர்ற எடம் ஒண்ணு இருக்கு. அதே தம்பி அந்த ஜூன் மாசம் வீட்டுக்கடன் தவணையை ஒரு நாள் தவறவிடல. தவறவிட மாட்டான், கணக்குல இருந்து தானா எடுத்துக்குறாங்க. கிரெடிட் கார்டு பில்லையும் கடைசித் தேதிக்கு முந்துன நாளே கட்டியிருப்பான், சிபில் மதிப்பெண் குறைஞ்சிரும்ல. ஜூன் மூணாவது வாரம் குடும்பத்தோட மலைப்பிரதேசத்துக்குப் போனதை அவன் பொண்டாட்டி ஸ்டேட்டஸ்ல நாங்களும் பார்த்தோம். அவங்க போகக்கூடாதுன்னு சொல்லல. ஆனா வரிசையைப் பாருங்க. யாரு தண்டிப்பாங்களோ அவங்களுக்கு மொதல்ல. யாரு வட்டி மேல வட்டி போடுவாங்களோ அவங்களுக்கு அடுத்து. பிறகு நம்ம சந்தோசம். வட்டி கேக்காதவன், பத்திரம் கேக்காதவன், வீட்டு வாசல்ல வந்து கத்தாதவன் கடைசியில. நம்பிக் கொடுத்தவனுக்குக் கெடைக்கிற பரிசு கடைசி வரிசைன்னா, நாளைக்கு எவன் நம்பிக் கொடுப்பான்?

"நீங்க மட்டும் ஒழுங்கா? பயிர்க்கடனைத் தள்ளுபடி பண்ணச் சொல்றவங்கதானே"ன்னு ஒரு பேச்சு வரும், வரட்டும். 2021ல தமிழ்நாட்டுல கூட்டுறவு சங்கத்து நிலுவைப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடின்னு அறிவிச்சாங்க. நெசமா நொடிச்சுப் போனவங்களுக்கு அது உயிர் கொடுத்துச்சு. கெடு தேதிக்குள்ள கட்டி முடிச்சிருந்தவங்களுக்கு அதுல ஒண்ணும் இல்ல, எங்க தெருவுல இன்னும் அதைப் பத்திப் பொருமுறவங்க இருக்காங்க. அந்த வாதத்தை ராவும் பகலும் நடத்தலாம். ஆனா அரசாங்கத்துக்குக் கஜானா இருக்கு. என் கைமாத்தைத் தள்ளுபடி பண்ணுனா அதை ஈடுகட்ட எனக்கு இருக்குற கஜானா என் பொண்டாட்டி கழுத்துதான்.

இன்னொண்ணும் சொல்லணும். அதே சங்கம் தேதிக்கு என்ன மரியாதை வச்சிருக்குன்னு பாருங்க. பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள்ள கட்டுனா நமக்கு வட்டியே இல்ல. தேதி தாண்டுனா வட்டி விழும். தொகை அதேதான், கட்டுற ஆளும் அதே ஆள்தான், நாள் மட்டும்தான் வித்தியாசம். அதனாலதான் எங்க ஊர்ல கெடு நெருங்குனா பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கியாவது கட்டிட்டு, புதுக்கடன் எடுத்து அந்தக் கைமாத்தை அடைக்கிற ஆளுங்க இருக்காங்க. அந்தக் கைமாத்து நாலு நாள்ல திரும்பும், அஞ்சாவது நாள் ஆகாது. ஆனா, கொடுத்தவனுக்கும் அதே கெடு பக்கத்துல வருதுன்னு வாங்குனவனுக்குத் தெரியும். உள்ளூர்ல எல்லாரும் அரிச்சந்திரன்னு நான் சொல்ல வரல. ஏமாத்துறவன் இங்கயும் இருக்கான், அவன் பேர் ஊருக்கே தெரியும், அவனுக்கு யாரும் கொடுக்க மாட்டாங்க. சென்னைக்குப் போயிட்டவன் பேரைத்தான் யாரும் எழுதி வைக்கிறதில்ல.

அப்போ நீங்களும் எழுதி வாங்குங்களேன்னு கேக்கலாம். புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்து வாங்கலாம். மூணு வருசத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போலாம். நடுவுல கொஞ்சம் பணம் வரவு வச்சு அவன் கையெழுத்துப் போட்டா அதுலேர்ந்து இன்னொரு மூணு வருசம். பெரிய தொகைக்கு அது வேணும், வெக்கப்படக் கூடாது. ஆனா மூணாவது வருசம் கோர்ட்டு வாங்கிக் கொடுக்குற பணத்தை வச்சு 20 நாள் நாத்தை நட முடியுமா? புரோநோட்டு பணத்தைத்தான் காப்பாத்தும். தேதியைக் காப்பாத்துறது வாங்குனவன் வாயிலதான் இருக்கு.

உண்மையிலேயே முடியாமப் போறது உண்டு. வேலை போகும், ஆஸ்பத்திரிச் செலவு வரும், போனஸ் வராமலே போகும். அதைப் புரிஞ்சுக்க முடியாத அளவுக்கு நாங்க கல்லு இல்ல, மழையையும் வெயிலையும் நம்பிப் பொழைக்கிறவங்க நாங்க. ஆனா முடியாதவனுக்கும் மனசு இல்லாதவனுக்கும் வித்தியாசம் எளிசாத் தெரியும். முடியாதவன் தேதிக்கு முன்னாடி அவனே கூப்பிடுவான். மனசு இல்லாதவனை தேதிக்கு அப்புறம் நாம கூப்பிடணும். முடியாதவன் அஞ்சாயிரமாவது அனுப்புவான். மனசு இல்லாதவன் மொத்தமாத் தர்றேன்னு சொல்லி ஒரு ரூபாயும் அனுப்ப மாட்டான். அவன் சொல்ற தேதி எப்பவும் "இந்த வாரம்"தான். அந்த வாரம் போனா அடுத்த "இந்த வாரம்".

என்னைக் கெடுத்தது அந்த "இந்த வாரம்"தாங்க. மே 25 வாக்குல தம்பி கூப்பிட்டு, "அண்ணே, இப்ப முடியாது, ஆகஸ்ட் ஆகும்"னு சொல்லியிருந்தா நான் நாலு வார்த்தை திட்டியிருப்பேன். திட்டிட்டு மறுநாளே செயினைச் சங்கத்துல வச்சு, நடவாளுங்களுக்கு முன்பணம் கொடுத்து, மூணு ஏக்கரையும் ஜூன் 11க்குள்ள நட்டு முடிச்சிருப்பேன். அதே ஆகஸ்ட்ல பணம் வந்திருக்கும், நகை வட்டி ஏதோ கொஞ்சம் போயிருக்கும், 32 மூட்டை போயிருக்காது. திங்கக்கெழமை பணம் வரும்னு ஒருத்தன் சொன்னா, ஞாயித்துக்கெழமை எவன் பொண்டாட்டி நகையைக் கழட்டச் சொல்லுவான்? அவனுக்கு அது அந்த நேரத்து போனை வைக்க ஒரு வார்த்தை. நான் அதை நம்பி வேலையை நிறுத்தி வச்சிருந்தேன்.

போன் பண்ற சங்கடத்தையும் கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. கொடுத்தவன் நான். ஆனா ஒவ்வொரு தடவையும் நம்பரை அழுத்துறதுக்கு முன்னாடி எச்சில் முழுங்குறவனும் நான்தான். பணத்தைப் பத்தி எடுத்த எடுப்புல கேக்க முடியாம, பிள்ளைங்க நல்லாருக்கா, சென்னையில மழையான்னு சுத்தி வளைச்சு வர்றேன். அவன் குரல்ல ஒரு சலிப்பு தட்டுது. நாலு தடவை கூப்பிட்டா "அண்ணன் பணத்தாசை புடிச்சவரு"ன்னு சொந்தத்துல பேச்சு வேற. அந்த ஆவணியில நெருங்குன சொந்தத்துல ஒரு கல்யாணம். செயின் அப்ப சங்கத்துலதான் இருந்துச்சு. எங்க வீட்டம்மா மஞ்சக் கயிறோட வந்தா, புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுத்திப் போட்டுக்கிட்டு. தம்பி பொண்டாட்டி பார்த்துட்டு, "என்னக்கா, சிம்பிளா வந்திருக்கீங்க"ன்னு கேட்டுச்சு. கேலியாக் கேக்கல, அதுக்கு நெசமாவே தெரியாது. அவன் வீட்டுல சொல்லியிருக்கவே மாட்டான்.

இப்ப நான் ஒரு நோட்டு வச்சிருக்கேன். யார் கேட்டாலும், என்னால முடிஞ்சாக் கொடுக்கிறேன். பேரு, தொகை, தேதி, அதுக்குப் பக்கத்துல அந்தத் தேதியில எனக்கு என்ன வேலைன்னு ஒரு வரி: "ஜூன் 5, நடவுக் கூலி." அதைப் போன்லயே படிச்சுக் காட்டுறேன், போட்டோ எடுத்து அனுப்புறேன். ரெண்டு பேர் அதைப் பார்த்துட்டு "வேற எடத்துல பார்த்துக்கறேண்ணே"ன்னுட்டாங்க. வருத்தம்தான், இருந்தாலும் நல்லதாப் போச்சு.

ஒருத்தர் வாங்கினார், கோயம்புத்தூர்ல லேத் பட்டறை வச்சிருக்குற மச்சான், 40,000. ஆர்டர் பணம் வராம அவருக்கும் நெருக்கடி. மே 22 அவரே கூப்பிட்டார். "மாப்ள, நோட்டுல ஜூன் 5னு போட்டுருக்கீங்க. என்னால அன்னிக்கு 15,000தான் முடியும். மீதி செப்டம்பர் ஆகும், இப்பவே சொல்லிடறேன்"னார். கோவம் வரல. மறுநாள் செயின் சங்கத்துக்குப் போச்சு. ஜூன் 4 சாயங்காலம் அவர் சொன்ன 15,000 வந்துச்சு. அந்த வருசம் நடவு ஜூன் 10 முடிஞ்சுது, நாத்துக்கு 21 நாள். மீதி 25,000 செப்டம்பர் 3 வந்துச்சு, அன்னிக்கே போய் செயினை மீட்டுட்டு வந்தோம்.